ஆறாயிரம் படமும் ஒரு சார்ஜர் வயரும்

திருகோணமலை பஸ் நிலையத்துக்குக் கிட்ட எனக்கு ஒரு சின்னக் கொமினிகேசன் இருக்கிறது. போட்டோகொப்பியும் ரீலோடும்தான் பிழைப்பு. ஆனாலும் நாளுக்கு இரண்டு பேராவது போனை நீட்டி, "அண்ணை, இதில இருக்கிற படத்தை எல்லாம் லப்டொப்பில ஏத்தித் தாங்கோ" என்பார்கள். பலர் தங்கள் லப்டொப்பையும் கொண்டு வருவார்கள். வீட்டில் முயன்று பார்த்திருப்பார்கள், விடிய விடிய ஓடியும் முடிந்திருக்காது.

போன மாதம் வந்தவர் நிலாவெளியில் புறாத்தீவுக்குப் படகு விடுகிற ஒரு தம்பி. சுற்றுலாக்காரரைக் கூட்டிக்கொண்டு போய், பவளப்பாறையும் சுறாக்குட்டியும் காட்டி, கேட்டால் படமும் எடுத்துக் கொடுப்பார். ஒரு சீசன் முழுக்க எடுத்த படங்கள் போனில் நிறைந்துவிட்டன. எண்ணிப் பார்த்தால் ஏறத்தாழ 6,000 படம், மொத்தம் 24 ஜிகாபைட். போன் சாம்சங் கலக்ஸி எஸ் 21, லப்டொப்பும் நல்லதுதான். "வயரும் ஒரிஜினல் அண்ணை, முந்தின சாம்சங் போனோட வந்தது" என்று சொன்னார். சொன்னது பொய்யில்லை. சிக்கலே அந்த ஒரிஜினல் வயரில்தான் இருந்தது.

அவருக்குச் செய்து காட்டியதையே இங்கே வரிசையாக எழுதுகிறேன். உங்கள் போன் வேறாக இருந்தாலும் பார்க்கவேண்டிய இடங்கள் இவைதான்.

முதலில் ஒரு கணக்கு. யூஎஸ்பி 2.0 என்பது 2000ஆம் ஆண்டில் வந்த தலைமுறை. அதன் வேகம் செக்கனுக்கு 480 மெகாபிட். எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட் என்பதால் அதை எட்டால் வகுக்கவேண்டும், 60 மெகாபைட் வரும். அதிலும் ஒரு பகுதி இரு பக்கமும் "வந்ததா, வந்தது" என்று கேட்டுக்கொள்வதிலேயே போய்விடும். கையில் கிடைப்பது நல்ல நாளில் 35, 40 மெகாபைட்தான். 2008இல் வந்த யூஎஸ்பி 3.0க்கு செக்கனுக்கு 5 ஜிகாபிட், அதாவது பத்து மடங்குக்கு மேல். இந்த 3.0க்குப் பிறகு 3.1 ஜென் 1 என்று பெயர் மாற்றினார்கள், அப்புறம் 3.2 ஜென் 1 என்றார்கள். மூன்றும் ஒரே 5 ஜிகாபிட்தான். ஏன் இப்படிக் குழப்பினார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள். பெட்டியில் ஜென் எத்தனை என்று தேடுவதை விட, செக்கனுக்கு எத்தனை ஜிகாபிட் என்பதைச் சொல்லும் 5 ஜிபிபிஎஸ், 10 ஜிபிபிஎஸ் என்று எழுதியிருக்கிறதா என்று பார்ப்பதுதான் நல்லது.

இன்னொன்று, டைப் சி என்பது வாயின் வடிவம் மட்டும்தான். வேகத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஒரே மாதிரி இருக்கிற இரண்டு டைப் சி வயரில் ஒன்று 480 மெகாபிட்டாகவும் மற்றது 10 ஜிகாபிட்டாகவும் இருக்கலாம்.

படம் போனிலிருந்து லப்டொப்புக்கு வரும் வழியில் மூன்று கண்ணிகள் இருக்கின்றன: போனின் போர்ட், வயர், லப்டொப்பின் போர்ட். மூன்றும் 3ஆம் தலைமுறையாக இருந்தால்தான் அந்த வேகம். ஒன்று 2.0 ஆனாலும் முழு வழியும் 2.0க்கு இறங்கிவிடும். இறங்கியதைப் பெரும்பாலும் போனும் சொல்லாது, லப்டொப்பும் சொல்லாது. எல்லாம் சரியாகவே வேலை செய்யும், மெதுவாக மட்டும். அதனால் நாம்தான் அளந்து பார்க்கவேண்டும்.

அளந்து பார்த்தல்

போனை லொக் எடுத்த நிலையில் வைத்துக்கொண்டு லப்டொப்பில் செருகுங்கள். அறிவிப்புத் திரையை இழுத்து, யூஎஸ்பி என்று வரும் வரியைத் தொட்டு, `File transfer` அல்லது `Transferring files` என்பதைத் தேர்ந்தெடுங்கள். இதைச் செய்யாவிட்டால் போன் சார்ஜ் மட்டும் ஆகும், லப்டொப்பில் வெறும் கோப்புறைதான் தெரியும்.

இப்போது படங்களைத் தொடாதீர்கள். போனில் இருக்கிற பெரிய வீடியோ ஒன்றைத் தேடுங்கள், ஒரு ஜிகாபைட்டுக்கு மேல் இருந்தால் நல்லது. அதை லப்டொப்பின் டெஸ்க்டொப்புக்குக் கொப்பி பண்ணி, எத்தனை செக்கன் ஆகிறதென்று கையில் இருக்கிற மணிக்கூட்டில் பாருங்கள். வீடியோவின் அளவை அந்தச் செக்கனால் வகுத்தால் வேகம் வரும். பெரிய ஒற்றைக் கோப்பை எடுப்பதற்குக் காரணம் உண்டு, அதைப் பின்னால் சொல்கிறேன்.

தம்பியின் போனில் 2 ஜிகாபைட் வீடியோ ஒன்று இருந்தது, திமிங்கிலம் வால் காட்டிவிட்டுப் போகும் வீடியோ. அவருடைய வயரில் அது 55 செக்கன் எடுத்தது. 2,000ஐ 55ஆல் வகுத்தால் 36 மெகாபைட். இந்த எண்ணைப் பார்த்தவுடனேயே விஷயம் விளங்கிவிடும். 30க்கும் 40க்கும் இடையில் வந்து அதற்கு மேல் ஏறவே மாட்டேன் என்று நின்றால், வழியில் எங்கோ ஒரு 2.0 இருக்கிறது. 100ஐத் தாண்டினால் மூன்று கண்ணியும் 3ஆம் தலைமுறை.

லினக்ஸ் பாவிக்கிறவர்களுக்கு இந்தக் கணக்கே தேவையில்லை. போனைச் செருகிவிட்டு இதை அடியுங்கள்:

```
lsusb -t
```

போனுக்குரிய வரியின் கடைசியில் `480M` என்று வந்தால் 2.0. `5000M` அல்லது `10000M` என்றால் 3ஆம் தலைமுறை. மெக்கில் `System Information` திறந்து `USB` பகுதியில் போனின் பெயரைத் தொட்டால் வேகம் எழுதியிருக்கும்.

எது இழுக்கிறது என்று பிடித்தல்

மூன்றையும் ஒன்றாக மாற்றாதீர்கள். ஒன்றை மட்டும் மாற்றி, அதே வீடியோவைத் திரும்பக் கொப்பி பண்ணிப் பாருங்கள்.

முதலில் லப்டொப்பின் போர்ட். அதற்குக் காசு செலவில்லை. பல லப்டொப்புகளில் ஒரு பக்கம் 3.0, மறு பக்கம் 2.0 என்று கலந்து வைத்திருப்பார்கள். சதுர வாய் உள்ள போர்ட்டின் உள்ளே இருக்கிற நாக்கு நீலமாக இருந்தால் பெரும்பாலும் 3.0. நிறம் கட்டாய விதி அல்ல, கறுப்பு நாக்கிலும் 3.0 வருவதுண்டு. பக்கத்தில் எஸ்எஸ் என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளோ 5, 10 என்ற இலக்கமோ பதிந்திருந்தால் அதை நம்பலாம். பழைய யூஎஸ்பி ஹப் ஒன்றை இடையில் வைத்திருந்தால் அதைக் கழற்றிவிட்டு நேராகச் செருகுங்கள். தம்பி செருகியிருந்தது நீல போர்ட்டில்தான், அதனால் குற்றம் அங்கே இல்லை.

அடுத்தது வயர். நான் பார்த்த அளவில் பத்தில் எட்டுத் தடவை பழி இதன் மேல்தான். போனோடு பெட்டியில் வரும் வயர் சார்ஜ் பண்ணுவதற்கென்று வருவது. பெரும்பாலும் அதன் உள்ளே 2.0க்கு வேண்டிய கம்பிகள் மட்டுமே இருக்கும், மெல்லியதாக, வளைப்பதற்கு இலேசாக. 3ஆம் தலைமுறை வயரில் வேகத்துக்கென்று தனியாக இன்னும் சில சோடிக் கம்பிகள் ஓடுகின்றன, அதனால் அது கொஞ்சம் தடிப்பாகவும் விறைப்பாகவும் இருக்கும்.

ஒரு பக்கம் சதுர வாய், மறு பக்கம் டைப் சி என்று இருக்கிற வயர் என்றால் கண்ணாலேயே பிடித்துவிடலாம். சதுர முனையை வெளிச்சத்தில் பிடித்து உள்ளே பாருங்கள். விளிம்புக்குக் கிட்ட நான்கு தட்டையான பித்தளை நிறப் பட்டைகள் தெரியும். அதற்குப் பின்னால், ஆழத்தில், இன்னும் ஐந்து சின்னத் தொடுமுனைகள் இருந்தால் 3.0. நான்கோடு நின்றால் 2.0, அந்த வயருக்கு எந்த மந்திரமும் பலிக்காது. தம்பியின் ஒரிஜினல் வயரில் நான்குதான். மேசை விளக்குக்கு அடியில் பிடித்துக் காட்டினேன். அவர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு கனநேரம் பார்த்துவிட்டு, "அப்ப இவ்வளவு நாளும் நான்தான் காவல் இருந்திருக்கிறன்" என்றார்.

இரண்டு முனையும் டைப் சி என்றால் கண்ணால் சொல்வது கடினம், பெட்டியைத்தான் பார்க்கவேண்டும். கடையில் "நல்ல பாஸ்ட் வயர் தாங்கோ" என்று கேட்டால் சார்ஜ் வேகத்தைத்தான் நினைத்துக்கொள்வார்கள். 60 வாட், 100 வாட், ஏன் 240 வாட் என்று எழுதியிருக்கிற வயரிலும் தரவு வேகம் 480 மெகாபிட்டாக இருக்கலாம். வாட் என்பது மின்சாரம், அதற்கும் படத்துக்கும் தொடர்பில்லை. "டேட்டா 5 ஜிபிபிஎஸ் அல்லது 10 ஜிபிபிஎஸ் வேணும்" என்று கேளுங்கள். நீளத்தையும் பாருங்கள். 10 ஜிபிபிஎஸ் வயர் பொதுவாக ஒரு மீற்றருக்கு மேல் வராது. மூன்று மீற்றர் மலிவு வயரில் 10 என்று அச்சடித்திருந்தால் நான் வாங்கமாட்டேன்.

என் கடையில் இருக்கிற 5 ஜிபிபிஎஸ் வயரை மாற்றிச் செருகினேன். அதே திமிங்கில வீடியோ 13 செக்கனில் வந்துவிட்டது, கிட்டத்தட்ட 150 மெகாபைட். எஸ் 21இன் போர்ட் 3.2 என்பதால் இது நடந்தது.

கடைசிக் கண்ணி போன். இதை மாற்றமுடியாது, தெரிந்து வைத்துக்கொள்ளத்தான் முடியும். போனின் விவரக்குறிப்பில் யூஎஸ்பி வரியைப் பாருங்கள், `USB Type-C 2.0` என்றோ `3.2` என்றோ இருக்கும். நடுத்தர விலைப் போன்களில் பெரும்பாலானவை 2.0தான். சாம்சங் ஏ 54 அப்படி, ரெட்மி நோட் வரிசையிலும் பல அப்படி. ஐபோன் 15இல் டைப் சி வந்தபோது பலர் வேகமும் வந்துவிட்டதென்று நினைத்தார்கள். 15இலும் 15 பிளஸிலும் 2.0 வேகம்தான், 15 புரோ வரிசைக்குத்தான் 10 ஜிகாபிட். அந்தப் புரோவின் பெட்டியில் வரும் வயரும் 2.0! இலட்சக்கணக்கில் கொடுத்துப் போனை வாங்கியவர் தனியாக இன்னொரு வயரும் வாங்கவேண்டும்.

போனே 2.0 என்றால் புது வயர் வாங்கிக் காசை வீணாக்காதீர்கள். படங்கள் மெமரி கார்டில் இருந்தால் கார்டைக் கழற்றி, 3.0 கார்ட் ரீடரில் போட்டுக் கொப்பி பண்ணலாம். நல்ல கார்ட் 80, 90 மெகாபைட் வரை கொடுக்கும். படங்கள் போனின் உள்ளேயே இருந்தால், செருகிவிட்டு ஒரு பிளேன்ரீ குடித்துவிட்டு வாருங்கள்.

எல்லாம் சரி, ஆனாலும் மெதுவாகத்தான் போகிறது

இதுதான் நம் ஊரில் எனக்குக் கனதடவை நடந்தது. 3.0 போன், 3.0 வயர், நீல போர்ட், ஆனாலும் அளந்தால் 36. காரணம் தொடுமுனை. உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கடற்கரையோடு வாழ்கிறவர்களின் போர்ட்டுக்குள் உப்புக் காற்றும் மணலும் போய்ச் சேரும். சட்டைப் பையின் பஞ்சு வேறு அடியில் இறுகிக் கிடக்கும். யூஎஸ்பி 2.0க்குரிய முனைகள் தொட்டு, 3.0க்குரியவை தொடாவிட்டால், இணைப்பு சத்தமில்லாமல் 2.0க்குப் போய்விடும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி: டைப் சி முனையைக் கழற்றி, தலைகீழாகத் திருப்பிச் செருகி, மறுபடி அளந்து பாருங்கள். எந்தப் பக்கமாகச் செருகுகிறோம் என்பதைப் பொறுத்து வேகக் கம்பிகளுக்கு வேறு வேறு முனைகள் பயன்படுகின்றன. ஒரு பக்கம் 150, மறு பக்கம் 36 என்று வந்தால் முனை அழுக்கு அல்லது தேய்மானம் என்று உறுதியாகச் சொல்லலாம். போனை நிறுத்திவிட்டு, மரப் பற்குச்சியால் அடியில் இருக்கிற பஞ்சை மெதுவாகக் கிளறி எடுங்கள். ஊசி வேண்டாம். நடு நாக்கை நெம்பவும் வேண்டாம். உப்புப் பூத்திருந்தால் ஐசோபுரோபைல் அற்ககோலில் தொட்ட மெல்லிய தூரிகையால் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு செருகுங்கள்.

சதுர முனைக்கு வேறொரு விசித்திரம் உண்டு. அதை மிக மெதுவாகச் செருகினால், 2.0 முனைகள் முதலில் தொட்டு, லப்டொப் "இது 2.0 சாதனம்" என்று முடிவு பண்ணிவிடலாம். ஆழத்தில் இருக்கிற ஐந்தும் பிறகு தொட்டும் பயனில்லாமல் போகும். கழற்றிவிட்டு ஒரே மூச்சில் முழுவதும் உள்ளே தள்ளுங்கள். கேட்டால் சிரிப்பு வரும், ஆனால் வேலை செய்யும்.

வீடியோ பறக்கிறது, படங்கள் ஏன் பறக்கவில்லை

தம்பி வீடியோவின் வேகத்தைப் பார்த்துவிட்டு, "அப்ப 24 ஜிபியும் மூன்று நிமிசத்தில முடிஞ்சிடும்" என்றார். முடியாது. 7 நிமிடம் ஆனது.

அன்ட்ரொய்ட் போன் லப்டொப்போடு எம்டிபி என்ற முறையில் கதைக்கிறது. பென்ட்ரைவ் மாதிரி லப்டொப் நேரே போய்ப் படிப்பதில்லை. ஒவ்வொரு படத்துக்கும் "இதன் விவரம் என்ன, இதைத் தா, முடிந்ததா" என்று கேட்டு, போன் எடுத்துக் கொடுக்கவேண்டும். இந்தக் கேள்வி பதிலுக்கு ஒரு படத்துக்கு ஒரு செக்கனில் நூறில் நாலு பங்குதான் என்றாலும், 6,000 படத்துக்குப் பெருக்கினால் நான்கு நிமிடம் வந்துவிடும். வயரை மாற்றினாலும் இந்த நான்கு நிமிடம் குறையாது. குறைவது தரவு ஓடுகிற நேரம் மட்டும்தான்.

அவருடைய கணக்கு இப்படி வந்தது. பழைய வயரில் 24 ஜிகாபைட் ஓட 11 நிமிடம், கேள்வி பதிலுக்கு 4 நிமிடத்துக்குச் சற்று மேல், மொத்தம் 15 நிமிடத்துக்கு மேல். புது வயரில் ஓட 3 நிமிடத்துக்குக் குறைவு, கேள்வி பதில் அதே 4, மொத்தம் 7. வீடியோவுக்கு நான்கு மடங்கு வேகம், படத்துக்கு இரண்டு மடங்கு. படம் சின்னதாகச் சின்னதாக இந்த வித்தியாசம் இன்னும் குறையும். வட்ஸ்அப்பில் வந்த நூறு, இருநூறு கிலோபைட் படங்கள் நிறைந்த கோப்புறை என்றால் எந்த வயரிலும் கிட்டத்தட்ட ஒரே நேரம்தான். அளப்பதற்குப் பெரிய வீடியோவை எடுக்கச் சொன்னது இதனால்தான். சின்னப் படங்களை வைத்து அளந்தால் வயரில் குற்றமா, கேள்வி பதிலில் குற்றமா என்று பிரித்தறிய முடியாது.

இந்த நேரத்தை நாமே கூட்டிக்கொள்ளாமல் இருக்கலாம். `DCIM` கோப்புறைக்குள் இருக்கிற `Camera` கோப்புறையைத் திறந்து, சின்னப் படங்கள் எல்லாம் திரையில் வரும்வரை காத்திருந்து, பிறகு எல்லாவற்றையும் தெரிவு செய்கிறவர்கள் பலர். அப்படித் திறந்தால் லப்டொப் ஒவ்வொரு படத்தையும் ஒரு தடவை விசாரித்துவிடும், கொப்பி பண்ணும்போது மறுபடியும் விசாரிக்கும். திறக்கவே வேண்டாம். `Camera` கோப்புறையை அப்படியே வெளியிலிருந்து கொப்பி பண்ணி லப்டொப்பில் ஒட்டுங்கள்.

ஒட்டும் இடம் லப்டொப்பின் உள் வட்டாக இருக்கட்டும். போனிலிருந்து நேரே பென்ட்ரைவுக்குப் போட்டால், மலிவுப் பென்ட்ரைவ் எழுதுகிற வேகம் 10 மெகாபைட்டுக்கும் கீழே இறங்கிவிடும். அப்போது யார் மேல் பழி போடுவது என்றே தெரியாது. பிறகு ஆறுதலாகப் பென்ட்ரைவுக்கு மாற்றுங்கள்.

ஐபோனை விண்டோஸில் செருகுகிறவர்கள் கூடுதலாக ஒன்று செய்யவேண்டும். போனின் படங்களுக்குரிய செட்டிங்ஸில், அடியில், `Transfer to Mac or PC` என்று ஒரு பகுதி இருக்கும். அது `Automatic` என்று இருந்தால் போன் ஒவ்வொரு படத்தையும் ஜேபெக்காக மாற்றி மாற்றி அனுப்பப் பார்க்கும். இழுபறியாகும், நடுவில் பிழைச் செய்தி காட்டி நின்றும் விடும். `Keep Originals` என்று மாற்றிவிட்டுத் தொடங்குங்கள்.

கொப்பி என்றே செய்யுங்கள், கட் பண்ணாதீர்கள். இடையில் வயர் ஆடினாலும் கரண்ட் போனாலும் மூலப் படம் போனிலேயே இருக்கும். முடிந்ததும் போனிலும் லப்டொப்பிலும் கோப்புகளின் எண்ணிக்கையை ஒப்பிடுங்கள். தம்பிக்கு மூன்று படம் குறைந்தது. படகு ஆடின மாதிரி அவர் கதிரையில் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தபோது கால் வயரில் தட்டுப்பட்டு இணைப்பு ஒரு தடவை விட்டுப்போய்த் திரும்ப வந்தது, அந்த நேரத்துப் படங்கள்தான். பெயர் வரிசையில் பார்த்து அந்த மூன்றையும் தனியாக எடுத்தோம். அதற்குப் பிறகுதான் போனில் அழிக்க விட்டேன்.